எட்டு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீடு: எந்தக் காப்பீட்டை எடுப்பது?

குடும்பமாக வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பூட்டு, சாவி, கேஸ், ஃப்ரிட்ஜ் என்று எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால், "பாலிசி இருக்கு, போன மாசம்தான் புதுப்பிச்சோம்" என்று உடனே பதில் வரும். வீடு ஆளில்லாமல் கிடக்கும்போது அந்தப் பாலிசி என்ன செய்யும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. இழப்பு மதிப்பிடும் சர்வேயராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பூட்டிய வீட்டில் நடந்த சேதத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம், பிரீமியம் கட்டிய ரசீதை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அதே பாலிசியின் ஒரு பத்தி அவருக்கு எதிராக நிற்கும். அந்தப் பத்தியை முன்வைத்து, கையில் இருக்கும் நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

நான்கு வழிகள் இவை. ஒன்று, இருக்கும் பாலிசியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவது. இரண்டு, நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லி, ஆளில்லாத காலத்துக்கும் காப்பு நீளும்படி ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேரும் எழுத்துத் திருத்தம், வாங்குவது. மூன்று, ஆளில்லா வீட்டுக்கென்றே விற்கும் தனிப் பாலிசிக்கு மாறுவது. நான்கு, வீட்டில் யாரையாவது குடிவைத்துவிடுவது.

முதலில் அந்தப் பத்தி

ஆளில்லா வீட்டைப் பற்றிய நிபந்தனை எல்லாப் பாலிசியிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இந்தியாவில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த நிலையான தீ மற்றும் சிறப்பு ஆபத்துப் பாலிசியில், கட்டடம் 30 நாளுக்கு மேல் தொடர்ந்து ஆளில்லாமல் இருந்தால் காப்பே நின்றுபோகும் என்று இருந்தது. சேதம் நடப்பதற்கு முன்பே நிறுவனத்தின் சம்மதத்தை எண்டார்ஸ்மென்ட்டாக வாங்கியிருந்தால் மட்டும் காப்பு தொடரும். அதாவது 31-ஆம் நாள் தீ, வெள்ளம் எது நடந்தாலும் ஒரே பதில்தான். வீடுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் வேறு நிலையான பாலிசி வந்திருப்பதால், உங்கள் கையில் இருப்பது எது என்று பார்த்து அதன் வாசகத்தையே படிக்க வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலான வீட்டுப் பாலிசிகள் 30 அல்லது 60 நாளுக்குப் பிறகு திருட்டு, வேண்டுமென்றே செய்யும் சேதம், குழாய் வெடித்து ஒழுகும் தண்ணீர் ஆகிய மூன்றை மட்டும் கழற்றிவிடும். தீயும் புயலும் தொடரும். அமெரிக்காவில் வணிகக் கட்டடங்களுக்கான நிலையான படிவம் மூன்றாவது விதம். 60 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் திருட்டு, தண்ணீர், கண்ணாடி உடைப்பு உள்ளிட்ட ஆறு வகைச் சேதத்துக்கு ஒன்றும் கிடையாது. மற்றவற்றுக்குக் கொடுக்கும் தொகையில் 15 சதவீதம் குறையும்.

காப்பு முழுவதும் நிற்கிறதா, சில ஆபத்துகள் மட்டும் விழுகின்றனவா, தொகை குறைகிறதா? உங்கள் பாலிசியில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். நாள் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அடுத்தது ஒரு சொல் விவகாரம். வீட்டில் ஆள் இல்லை என்பது ஒன்று. ஆளும் இல்லை, வாழ்வதற்கான சாமான்களும் இல்லை என்பது வேறொன்று. காப்பீட்டில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. முன்னதை ஆளில்லா வீடு என்றும் பின்னதைக் காலி வீடு என்றும் வைத்துக்கொள்வோம். அமெரிக்க வீட்டுப் பாலிசிகளின் பரவலான படிவத்தில், வேண்டுமென்றே செய்யும் சேதத்துக்கான விலக்கு காலி வீட்டுக்குத்தான். அதுவும் 60 நாள் தொடர்ந்து காலியாக இருந்தால். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் இருந்தபடியே பூட்டிவிட்டுப் போன வீடு அந்த விலக்கில் பொதுவாகச் சிக்காது. அதே வீடு '30 நாள் ஆளில்லாமல்' என்று எழுதிய பாலிசியில் ஒரே மாதத்தில் சிக்கிவிடும். நண்பர் ஒருவருக்குக் கிளெய்ம் கிடைத்ததை நம்பி நாம் முடிவெடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். அவர் பாலிசியில் இருந்தது எந்தச் சொல் என்று நமக்குத் தெரியாது.

விலக்குப் பத்தியில் சிக்காத வீடும் வேறொரு இடத்தில் மாட்டலாம். பல பாலிசிகள் 'நீங்கள் குடியிருக்கும் வீடு' என்று விளக்கவுரையிலேயே எழுதியிருக்கும். குடும்பம் முழுவதும் வேறு நாட்டில் முகவரி எடுத்து ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தால், இது நீங்கள் குடியிருக்கும் வீடுதானா என்ற கேள்வி எழும். ஆளில்லா வீட்டுப் பத்தியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். விளக்கவுரைப் பக்கத்தையும் புரட்டுங்கள்.

ஒரு வீடு, ஒரு குழாய்

நான்கு வழிகளும் எங்கே பிரிகின்றன என்று காட்ட, நான் பார்த்த ஒரு சேதத்தைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் நிறுவனமும் வேண்டாம்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். எட்டு மாத வேலைக்காக வீட்டைச் சாமான்களோடு பூட்டிவிட்டுப் போனார்கள். சாவி மாமாவிடம். அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். கிளம்பிய நாளிலிருந்து எண்ணினால் 10, 24, 38, 52 ஆகிய நாட்களில் வந்திருக்கிறார். 52-ஆம் நாள் கதவைத் திறந்தபோது கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். சமையலறை சிங்குக்கு அடியில், மூலை வால்விலிருந்து குழாய்க்குப் போகும் பின்னல் உறை போட்ட சின்ன கனெக்‌ஷன் பைப் நட்டுக்குப் பக்கத்தில் பிய்ந்திருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் ஐந்தாறு வருடத்தில் இறுகி வெடிப்பு விடும். வெளியிலிருந்து பார்த்தால் பின்னல் பளபளவென்றுதான் இருக்கும். மரத்தடுப்புகள் அடியிலிருந்து ஊதியிருந்தன. சுவர்ப்பூச்சில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. தரையோடு இருந்த பிளக் பாயின்டுகள் எல்லாம் போயிருந்தன.

எந்த நாளில் வெடித்தது என்பதுதான் கிளெய்மின் உயிர்நாடி. யாரும் பார்க்கவில்லை. ஆனால் மாமா ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பும் பழக்கம் வைத்திருந்தார். 38-ஆம் நாள் படத்தில் 1,482 கன மீட்டர். 52-ஆம் நாள் 1,554. வித்தியாசம் 72 கன மீட்டர், அதாவது 72,000 லிட்டர். பிய்ந்த பைப்புக்குக் கீழே 10 லிட்டர் வாளியை வைத்து வால்வைத் திறந்தேன். நிரம்ப ஒரு நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் நாளுக்கு 14,400 லிட்டர். 72,000-ஐ அதால் வகுத்தால் ஐந்து நாள். ஆக, 47-ஆம் நாள் வாக்கில் வெடித்திருக்கிறது. நெருக்கமான கணக்குத்தான், நீரழுத்தம் கூடக் குறைய ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனால் 30-ஆம் நாளுக்குப் பிறகு, 60-ஆம் நாளுக்கு முன்பு என்பதில் சந்தேகமே இல்லை. மொத்தச் சேதத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

வழி ஒன்று: அப்படியே விட்டுவிடுவது

30 நாள் பாலிசியாக இருந்தால் பூஜ்யம். 60 நாள் பாலிசியாக இருந்தால், நாம் ஏற்க வேண்டிய முதல் பங்கு போக மீதி கிடைத்திருக்கும், 47-ஆம் நாள் கெடுவுக்குள் வருவதால். குழாய் மூன்று வாரம் கழித்து வெடித்திருந்தால் அதுவும் பூஜ்யம். எட்டு மாதம் என்பது ஏறக்குறைய 240 நாள். 60 நாள் பாலிசி என்றாலும் முக்கால் பங்குக் காலம் காப்பில் பெரிய ஓட்டையோடு கழியும். அந்த முக்கால் பங்குக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் கட்டுகிறோம்.

திருட்டு என்றால் இந்த வழி இன்னும் மோசம். குடும்பம் திரும்பி வந்து பார்க்கும்போது பின்கதவு உடைந்திருக்கிறது. என்றைக்கு உடைந்தது? 20-ஆம் நாளா, 200-ஆம் நாளா? நாங்கள் கிளம்பிய வாரத்திலேயே நடந்திருக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்வார். கெடு முடிந்த பிறகு நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நிறுவனம் சொல்லும். 240-இல் 30 நாள் மட்டுமே நம் பக்கம் இருக்கும்போது, தேதி தெரியாத திருட்டில் வாதம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. இடையில் ஒருவர் வந்து பார்த்த பதிவு இருந்தால் அந்த இடைவெளி இரண்டு வாரமாகச் சுருங்கும்.

சிலர் இந்த வழியில் ஒரு தந்திரம் செய்வார்கள். 28-ஆம் நாள் உறவினர் ஒருவரை அனுப்பி ஓர் இரவு படுக்க வைத்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று நினைப்பார்கள். பாலிசியின் சொல்லைப் பொறுத்தது அது. சில பாலிசிகள் தொடர்ந்து இத்தனை இரவு தங்கினால்தான் ஆளிருந்ததாக எடுத்துக்கொள்வோம் என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கும். சில, 'வாழ்கிற' என்று மட்டும் சொல்லும்; கணக்கை உடைப்பதற்காக ஓர் இரவு பாய் விரித்துப் படுப்பதை வாழ்வது என்று ஏற்கவைப்பது கஷ்டம். நான் போகும் வீடுகளில் முதலில் மின்சார ரசீதுகளைத்தான் கேட்பேன். மூன்று மாதமாக மீட்டர் நகராத வீட்டில் மாதா மாதம் ஆள் தங்கியது என்று சொன்னால், அந்த ஒரு பொய் மற்ற எல்லா உண்மையையும் கெடுத்துவிடும். பாலிசியைப் புதுப்பிப்பதால் நாள் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. ஆளில்லாமல் இருப்பது வீடு. அந்தக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதுப்பிக்கும் படிவத்தில் 'வீட்டில் தொடர்ந்து குடியிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டிருந்தால் தப்பான தகவல் கொடுத்த குற்றமும் சேரும்.

வழி இரண்டு: எண்டார்ஸ்மென்ட்

மேலே சொன்ன குடும்பம் செய்தது இதைத்தான். கிளம்பும் முன்பே நிறுவனத்துக்கு எழுதி, கூடுதல் பிரீமியம் கட்டி, எட்டு மாதத்துக்கும் முழுக் காப்பு தொடரும் என்று எண்டார்ஸ்மென்ட் வாங்கியிருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் 100 பங்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எண்டார்ஸ்மென்ட்டில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. 14 நாளுக்கு ஒருமுறை பொறுப்பான ஒருவர் வீட்டின் உள்ளேயும் வெளியேயும் பார்த்துப் பதிவு வைக்க வேண்டும். எல்லாக் கதவு ஜன்னல்களும் பூட்டியிருக்க வேண்டும். வீட்டுக்குள் வரும் தண்ணீரை மெயின் வால்விலேயே மூடியிருக்க வேண்டும். முதல் இரண்டையும் மாமா அப்பழுக்கில்லாமல் செய்திருந்தார். மூன்றாவதைப் பற்றி அவரிடம் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "செடிக்குத் தண்ணி ஊத்தத் தொறந்தேன் சார். மூடினேனான்னு ஞாபகம் இல்ல" என்றார். அந்த வீட்டில் தோட்டத்துக் குழாயும் வீட்டுக் குழாயும் ஒரே வால்வுக்குப் பின்னால்தான் இருந்தன. 38-ஆம் நாள் திறந்தது திறந்தபடியே இருந்திருக்கிறது.

இந்த நிபந்தனையில் இருக்கும் முடிச்சை நிதானமாகப் பாருங்கள். மெயின் வால்வு மூடியிருந்தால் குழாய் பிய்ந்தாலும் உள்ளே தங்கியிருக்கும் சில லிட்டர்தான் ஒழுகும். 72,000 லிட்டர் ஓடியிருக்கிறது என்பதே வால்வு திறந்திருந்தது என்பதற்குச் சாட்சி. சேதமே நிபந்தனை மீறலை நிரூபித்துவிடுகிறது. காப்பைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த மீட்டர் படங்களும் அதையேதான் சொல்கின்றன. எண்டார்ஸ்மென்ட் தண்ணீர்ச் சேதத்துக்கும் காப்பு உண்டு என்று ஒரு வரியில் சொல்லி, வால்வு நிபந்தனையால் அந்தக் காப்பை மிகச் சின்னதாக்கிவிடுகிறது. மூடிய வால்வு பழுதாகி உள்ளே கசியவிட்டது, வால்வுக்கு முன்னால் உள்ள குழாய் உடைந்தது, மேல்மாடிக்காரர் வீட்டுத் தண்ணீர் இறங்கியது போன்ற சில சந்தர்ப்பங்கள்தான் அதில் மிஞ்சும்.

நிபந்தனை மீறல் என்றாலே கிளெய்ம் செத்துவிடும் என்பதும் இல்லை. பிரிட்டனின் 2015 காப்பீட்டுச் சட்டம் 11-ஆம் பிரிவு, நிபந்தனையை மீறியது நடந்த அந்தச் சேதத்தின் வாய்ப்பைக் கூட்டியிருக்க முடியாது என்று காப்பீடு எடுத்தவர் காட்டினால், அந்த மீறலைக் காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது என்கிறது. ஆஸ்திரேலியாவின் 1984 காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தில் 54-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே திசையில் போகும். வால்வு திறந்து கிடந்த வீட்டில் இடி விழுந்து தீப்பிடித்தால் இந்தப் பிரிவுகள் கைகொடுக்கும். வால்வு திறந்து கிடந்ததால் தண்ணீர் ஓடியதற்கு எந்தச் சட்டமும் கைகொடுக்காது. இப்படி ஒரு பிரிவே இல்லாத நாடுகளில் இடி விழுந்த வீட்டுக்கும் வாதாட வேண்டியிருக்கும்.

எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் கோபமில்லை, மாமாவின் மேலும் இல்லை. என் மனசை உறுத்துவது வேறு. எண்டார்ஸ்மென்ட் மருமகனின் மின்னஞ்சலில் இருந்தது. சாவி மாமாவிடம் இருந்தது. நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியவர் ஒருவர், அவற்றைப் படித்தவர் இன்னொருவர். கையெழுத்துப் போட்ட நாளில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: 'செடிக்குத் தண்ணீர் வேண்டுமே, தோட்டக் குழாயைத் தனி வால்வில் வைத்து வீட்டு வால்வை மட்டும் மூடினால் போதுமா?' நிறுவனங்கள் இதற்குப் பெரும்பாலும் சம்மதிக்கும், பதிலை எழுத்தில் கேட்டால் எழுத்திலும் கொடுக்கும். ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை. அல்லது கடைசி நாள் அந்தக் கனெக்‌ஷன் பைப்பை மாற்றியிருக்கலாம்.

எண்டார்ஸ்மென்ட் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதே வீட்டில் 47-ஆம் நாள் திருட்டு நடந்திருந்தால், 14 நாள் பதிவோடும் உடைந்த பூட்டின் தடயத்தோடும் அந்தக் கிளெய்ம் நேராகப் போயிருக்கும். தீயும் புயலும் அப்படியே. நிபந்தனைகள் உங்கள் வீட்டில் உண்மையிலேயே செய்யக்கூடியவையா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால், சாமான்களோடு பூட்டிவிட்டுப் போகும் குடும்பத்துக்கு என் முதல் பரிந்துரை இந்த வழிதான். ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்து, உங்கள் மாமா மூன்று மணிநேரப் பயணத் தூரத்தில் இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே 14 நாளாக்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். செய்ய முடியாத நிபந்தனைக்குக் கூடுதல் பிரீமியம் கட்டுவது வீண் செலவு.

வழி மூன்று: தனிப் பாலிசி

ஆளில்லா வீட்டுக்கென்றே இருக்கும் பாலிசிகள் பல படிகளாக விற்கப்படுகின்றன. அடிமட்டப் படியில் தீ, இடி, வெடிப்பு, நிலநடுக்கம், விமானம் விழுவது போன்றவை மட்டும். அடுத்த படிகளில் புயல், வெள்ளம், திருட்டு, தண்ணீர் என்று சேரும். பிரீமியத்தைப் பார்த்ததும் அடிமட்டப் படி மலிவாகத் தெரியும். மேலே சொன்ன குழாய்க்கு அந்தப் படியில் பூஜ்யம்தான். மேல்படி எடுத்தாலும் வால்வு நிபந்தனை வழி இரண்டைப் போலவே இருக்கும். நாம் ஏற்க வேண்டிய முதல் பங்கும் வழக்கமாகப் பெரிதாக இருக்கும். வீட்டுச் சாமான்களுக்கான காப்பு பெரும்பாலும் குறைவு அல்லது இல்லவே இல்லை.

அப்படியானால் யாருக்கு இது? இருக்கும் நிறுவனம் எண்டார்ஸ்மென்ட் தர மறுத்தவர்களுக்கு. சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் கட்டடத்தை விட்டுப் போகிறவர்களுக்கு. திரும்பும் தேதியே தெரியாமல் போகிறவர்களுக்கு. இந்தப் பாலிசியின் நல்ல குணம் ஒன்று உண்டு: வீட்டில் யாரும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டது என்பதால், 'நீங்கள் குடியிருக்கும் வீடா' என்ற கேள்வி பின்னால் முளைக்காது. மாறும்போது பழைய பாலிசி முடியும் நாளும் புதியது தொடங்கும் நாளும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கடன் இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

வழி நான்கு: ஆளை வைப்பது

குழாய் பிய்ந்த அன்று வீட்டில் ஒருவர் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர் ஓடியிருக்கும். துடைத்துவிட்டு ஒரு பைப் வாங்கிப் போட்டிருப்பார். காப்பீட்டையே தொட வேண்டியிருக்காது. பூட்டிய வீட்டில் சின்னக் கோளாறு பெரிய சேதமாவதற்கு ஒரே காரணம், அதைப் பார்க்க ஆள் இல்லாததுதான். அந்தக் காரணத்தை அடியோடு எடுத்துவிடும் வழி இது ஒன்றே.

ஆனால் இதிலும் கிளெய்மை முறிக்கும் இடங்கள் உண்டு. வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரர் குடியிருக்கும் பாலிசி பொருந்தாது. வாடகை வீட்டுப் பாலிசிக்கு மாற வேண்டும். திருட்டுக் காப்பில் 'பலவந்தமாக உள்ளே நுழைந்த தடயம் வேண்டும்' என்றும், 'சம்மதத்தோடு வீட்டில் இருப்பவர் எடுத்தால் கிடையாது' என்றும் பல பாலிசிகள் சொல்லும். ஆகவே நகை, பத்திரம், பணம் எதையும் அந்த வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. உறவினர் வாடகை இல்லாமல் தங்கினாலும் அதைப் பாலிசியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவர் வாரத்தில் நான்கு நாள் தங்கி மூன்று நாள் தன் வீட்டுக்குப் போகிறவர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'தங்குகிறார்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து வாங்கிய சம்மதம், அவர் ஒரு மாதம் வேறு எங்கோ போயிருந்த நேரத்தில் சேதம் நடந்தால் நிற்காது.

நம்பிக்கையான ஆள் கிடைத்தால் நான்கில் இதுவே மேல் என்பது என் கருத்து. கிடைக்காவிட்டால், யாரோ ஒருவரை வைப்பதைவிட எண்டார்ஸ்மென்ட்டும் ஒழுங்கான வருகைப் பதிவும் நல்லது. வேண்டாத குடியிருப்பவரை எட்டு மாதம் கழித்து வெளியேற்றும் பாடு எந்தப் பாலிசியிலும் அடங்காது.

எழுத்தில் என்ன கேட்பது, சாவியோடு என்ன கொடுப்பது

எந்த வழி என்றாலும் கிளம்பும் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போகட்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை யாரும் வசிக்கமாட்டார்கள், சாமான்கள் இருக்கும் அல்லது இருக்காது, இன்னார் இத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார் என்று எழுதுங்கள். இந்தக் காலத்தில் எந்தெந்த ஆபத்துகள் காப்பில் இல்லை என்று பதிலில் பட்டியல் கேளுங்கள். முகவர் தொலைபேசியில் 'அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல' என்று சொன்னது கிளெய்ம் நேரத்தில் உதவாது. திரும்பும் தேதி தள்ளிப்போனால் பழைய சம்மதம் முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். சேதம் நடந்த பிறகு வாங்கும் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

சாவி வைத்திருப்பவருக்கு எண்டார்ஸ்மென்ட்டின் நிபந்தனைகளை அவர் படிக்கும் மொழியில் ஒரு தாளில் எழுதி, மெயின் வால்வுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வருகையிலும் நான்கு படங்கள் போதும்: வாசல் பூட்டு, பின்கதவு, மூடிய வால்வு, தண்ணீர் மீட்டர். கடைசிப் படம் மீட்டராக இருக்கட்டும், வால்வை மூடிய பிறகு எடுத்ததாக இருக்கட்டும். அடுத்த வருகையில் உள்ளே போனதும் முதலில் மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் மாறாமல் இருந்தால் வால்வு சரியாக மூடுகிறது என்று பொருள். மூடிய வால்வுக்குப் பின்னும் எண் நகர்ந்திருந்தால் வால்வே பழுது. அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் வீடாக இருந்தால் மீட்டர் இந்தச் செய்தியைச் சொல்லாது. அங்கே தொட்டியின் வெளிப்போக்கு வால்வை மூடி, மோட்டாரின் தானியங்கி சுவிட்சை அணைத்து, தொட்டியின் நீர்மட்டத்தைப் படம் எடுக்க வேண்டும். மோட்டார் தானாக ஓடும் வீட்டில் 1,000 லிட்டர் தொட்டி நாள்தோறும் நிரம்பி நாள்தோறும் ஒழுகும்.

கிளம்பும் நாளில் மெயின் வால்வை மூடிய பிறகு, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து விடுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் வடிந்து நின்றதும் ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சொட்டு நின்றுவிட்டால் வால்வு பிடிக்கிறது. சொட்டிக்கொண்டே இருந்தால், பயணத்தை அரை நாள் தள்ளிப்போட்டாவது அந்த வால்வை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.